இரண்டு மண்டி விலைச் சீட்டு: எந்தக் கூடை மலிவு?

அண்ணாநகர்_மெஸ்:
மதுரை அண்ணாநகரில் சின்ன மெஸ். இரண்டு நாளைக்கு ஒருமுறை, வாரத்துக்கு மூன்று தடவை மொத்தமாகக் காய் எடுக்கிறோம். இதுவரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ஒரே கடைதான். இப்போது பரவை சந்தையில் ஒரு மண்டிக்காரர் அறிமுகமாகியிருக்கிறார். இருவருமே நோட்டுத் தாளில் கையால் விலை எழுதி, படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். இரண்டு படமும் கீழே. நான் படித்த வரையில் இப்படி. முதலில் எங்களுக்கு வேண்டிய அளவு, அடுத்து மாட்டுத்தாவணி விலை, கடைசியில் பரவை விலை, எல்லாம் கிலோவுக்கு:

தக்காளி, 28 கிலோ: 26, 25
பல்லாரி, 25 கிலோ: 32, 29
சின்ன வெங்காயம், 6 கிலோ: 48, 45
உருளை, 15 கிலோ: 30, 28
கத்தரி, 10 கிலோ: 35, 30
முட்டைக்கோஸ், 12 கிலோ: 18, 16
பீன்ஸ், 5 கிலோ: 70, 60
கேரட், 8 கிலோ: 55, 11
பச்சை மிளகாய், 2 கிலோ: 45, 40

முருங்கைக்காய் 4 கிலோ வேண்டும். அது மாட்டுத்தாவணி சீட்டில் 60 ரூபாய், பரவை சீட்டில் இல்லவே இல்லை. பரவைக்காரர் தக்காளிக்குப் பெட்டி விலை 375, பெரிய வெங்காயத்துக்கு 50 கிலோ மூட்டை விலை 1450 என்று எழுதியிருந்ததை நான்தான் கிலோவாக்கினேன். ஒன்பது காயிலும் பரவைதான் குறைவு. கூட்டிப் பார்த்தால் 3712க்கு 3075. ஒரு தடவைக்கே 637 ரூபாய் மிச்சம். மாறிவிடலாம்தானே? அப்புறம், பரவைச் சீட்டின் தலையில் தனியாக ஒரு 2 இருக்கிறது. அது என்ன?

தெப்பக்குளத்தான்:
அது 2 இல்லை, பிள்ளையார் சுழி :)

ஒன்பதுக்கு ஒன்பது குறைவு என்றால் இன்னும் என்ன யோசனை? நாளைக்கே மாறுங்கள்.

சாம்பார்_வாளி:
அண்ணாநகரிலேயே உழவர் சந்தை இருக்கிறதே! தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே அதுதான், 1999 நவம்பரில் திறந்தது. வீட்டுக்கு நான் அங்கேதான் வாங்குகிறேன். காய் பச்சைப்பசேல் என்று இருக்கும். மண்டியெல்லாம் எதற்கு?

அண்ணாநகர்_மெஸ்:
@சாம்பார்_வாளி வீட்டுக்குச் சரிங்க. 28 கிலோ தக்காளியை அங்கே எடுக்க வேண்டுமென்றால் நாலு தட்டில் பொறுக்க வேண்டும். எட்டு மணிக்குள் சாம்பார் இறங்க வேண்டிய இடம் இது.

மண்டிக்_கணக்கு:
கமிஷன் மண்டி ஒன்றில் பல வருடம் கணக்கு எழுதியவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா.

ஒரே ஊரில் இரண்டு மொத்தக் கடை. ஒன்பது சரக்கிலும் ஒரே ஆள் மலிவு என்று வந்தால், அவர் மலிவாக விற்கிறார் என்று நம்புவதற்கு முன்னால் நாம் சீட்டைச் சரியாகப் படித்தோமா என்று பார்க்க வேண்டும். நிஜத்தில் அப்படி நடக்காது. ஒருவருக்கு அன்றைக்கு வெங்காய லாரி நேராக வந்திருக்கும், இன்னொருவருக்குக் கோஸ் தேங்கிக் கிடக்கும். இரண்டு பட்டியலை ஒட்டிவைத்தால் மேலும் கீழுமாகத்தான் வரும்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேரட் 11 ரூபாய் இல்லை. அந்த இரண்டு கோடும் மேல் வரிசையில் இருக்கும் எண்களைவிடச் சின்னதாக, கொஞ்சம் உயரத்தில் நிற்கின்றன. அது 'மேலே உள்ளதே' என்பதற்குப் போடும் இரட்டைக் கோடு. பீன்ஸ் என்ன விலையோ, கேரட்டும் அதே விலை.

தெப்பக்குளத்தான்:
அட, ஆமாம். அப்போ கேரட் 60. எட்டுக் கிலோவுக்கு 88 இல்லை, 480. 637 மிச்சத்தில் 392 அங்கேயே போய்விட்டது. இருந்தாலும் 245 மிச்சம் இருக்கிறதே.

எக்செல்_ராணி:
சாம்பார்_வாளி சொன்னதில் ஒரு உபயோகம் இருக்கிறது. உழவர் சந்தையில் தினமும் மொத்த விலைக்கு மேலே, கடை விலைக்குக் கீழே விலை வைத்துப் பலகையில் எழுதுவார்கள். வாங்குவதற்கு வேண்டாம், ஒத்துப் பார்க்க அந்தப் பலகை போதும். அன்றைக்குப் பலகையில் கேரட் அறுபது எழுபது என்று இருக்கும்போது மண்டிச் சீட்டில் 11 என்று தெரிந்தால், தவறு சீட்டில் இல்லை, கண்ணில் இருக்கிறது. நான் சீட்டைத் தட்டெழுதும்போது பக்கத்தில் பலகை விலையையும் ஒரு வரிசையாக வைத்துக்கொள்வேன். பாதிக்குக் கீழே இறங்கும் எண் எதுவாக இருந்தாலும் திரும்பப் படத்தைப் பார்ப்பேன்.

மண்டிக்_கணக்கு:
நல்ல வழி. ஆனால் அது 11 போன்ற பெரிய பிசகைத்தான் பிடிக்கும். அடுத்த இரண்டையும் பிடிக்காது.

ஒன்று, தக்காளிப் பெட்டி. 375-ஐ எதால் வகுத்தீர்கள்?

அண்ணாநகர்_மெஸ்:
15. எங்கள் பழைய கடையில் பெட்டி என்றால் 15 கிலோதான்.

மண்டிக்_கணக்கு:
அதைத்தான் கேட்டேன். ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வரும் பெட்டி 14 கிலோ என்பதுதான் பேச்சு. 15 கிலோ பெட்டியும் ஓடுகிறது, அதைவிடப் பெரிய பெட்டியும் சில ஊர்ச் சந்தைகளில் உண்டு. சீட்டில் 'பெ 375' என்று மட்டும் இருந்தால் அதில் எடையே இல்லை என்று அர்த்தம். 15 ஆக இருந்தால் கிலோ 25, உங்கள் பழைய கடையைவிட ஒரு ரூபாய் குறைவு. 14 ஆக இருந்தால் 26.79, பழைய கடையைவிட முக்கால் ரூபாய் அதிகம். ஒரே ஒரு கிலோவில் யார் மலிவு என்பதே மாறிவிடுகிறது. கூடையில் அதிக எடை தக்காளிதான் என்பதால் இதைக் கேட்காமல் மேலே போகக்கூடாது. கேட்கும்போது 'பெட்டி எடை போகவா?' என்றும் கேளுங்கள். காலிப் பெட்டி ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும்.

இரண்டு, கத்தரி. சீட்டில் 30/40 என்று இருக்கிறது. நீங்கள் 30 எடுத்திருக்கிறீர்கள்.

தெப்பக்குளத்தான்:
அது பேரம் பேச இடம் விட்டு எழுதுவது. புது ஆளுக்கு 40, பழகின ஆளுக்கு 30. நாலு தடவை வாங்கினால் 30க்கு வந்துவிடும்.

மண்டிக்_கணக்கு:
சில கடைகளில் அப்படியும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே சீட்டில் வேறு எந்தக் காய்க்கும் இரண்டு விலை இல்லை. பேரத்துக்கு இடம் விடுகிறவர் கத்தரிக்கு மட்டும் ஏன் விடப்போகிறார்? ரகம் பிரித்து எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. முதல் ரகம் 40, இரண்டாவது 30.

பந்தி_பரிமாறு:
நான் கல்யாணச் சமையல் எடுக்கிறவன். என் கதையைக் கேளுங்கள். போன முகூர்த்தத்தில் தேங்காய் விலையை வைத்து ஒரு கடையைத் தேர்ந்தெடுத்தோம். காய் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் குறைவு. வந்து இறங்கியதும் பார்த்தால் எல்லாம் கைக்குள் அடங்குகிற காய். மூன்று காய் துருவ வேண்டிய இடத்தில் நாலு துருவினோம். வாழை இலையும் அப்படித்தான், கட்டு விலை பார்த்தோம், கட்டுக்கு எத்தனை இலை என்று பார்க்கவில்லை. எண்ணி விற்கிற பொருளுக்குச் சீட்டில் விலை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அண்ணாநகர்_மெஸ்:
எங்கள் பட்டியலில் எண்ணி வாங்குவது எதுவும் இல்லை, நல்லவேளை. கத்தரிக்காய் எங்களுக்கு முதல் ரகம்தான் வேண்டும், எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு முழுசாகப் போடுவோம். பூச்சி இருந்தால் இலையில் தெரிந்துவிடும். அப்போ 40 என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் மாட்டுத்தாவணிக்காரரின் 35 எந்த ரகம்?

மண்டிக்_கணக்கு:
அதை நீங்கள்தான் சொல்ல முடியும், மாதக்கணக்கில் வாங்கியிருக்கிறீர்கள். பத்துக் கிலோவில் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்?

அண்ணாநகர்_மெஸ்:
ஒரு கிலோ, சில நாள் அதற்கும் மேல்.

மண்டிக்_கணக்கு:
அப்படியானால் ஒன்பது கிலோவுக்கு 350 கொடுக்கிறீர்கள், கிட்டத்தட்ட 39 விழுகிறது. அந்த 40 உண்மையிலேயே ஒதுக்காமல் எடுக்கிற சரக்கு என்றால் இரண்டும் ஒன்றுதான். வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். இப்போதைக்குச் சீட்டில் இருப்பதையே எழுதுங்கள், 35க்கு 40.

எக்செல்_ராணி:
நான் எல்லாவற்றையும் ஒரு கூகுள் ஷீட்டில் போட்டேன். B வரிசையில் அளவு, C மாட்டுத்தாவணி, D பரவை. கீழே ஒரே வரி:

```
=SUMPRODUCT($B2:$B10, C2:C10)
```

அதையே D-க்கு இழுத்தால் போதும். பரவைத் தக்காளிக்கு மட்டும் D2-இல் `=375/14` என்று போட்டேன், நாளைக்கு 15 என்று தெரிந்தால் அங்கே மாற்றினால் ஆயிற்று. மாட்டுத்தாவணி 3712, பரவை 3617. பரவை 95 ரூபாய் குறைவு. 637இலிருந்து 95க்கு வந்திருக்கிறோம் :)

விலைகளை மட்டும் மேலிருந்து கீழே கூட்டி ஒப்பிடாதீர்கள் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். இந்தச் சீட்டில் பச்சை மிளகாயின் ஐந்து ரூபாய் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். நமக்கு அது இரண்டு கிலோ, மொத்தமே பத்து ரூபாய். பல்லாரியின் மூன்று ரூபாய் வித்தியாசம் 25 கிலோவுக்கு 75 ரூபாய்.

வைகைக்கரை:
தாமதமாக வருகிறேன். பரவைச் சீட்டில் பீன்ஸ் 60 என்று எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு 80 என்றுதான் தெரிகிறது.

தெப்பக்குளத்தான்:
60தான். மேலே வளையமே இல்லையே.

மண்டிக்_கணக்கு:
கொஞ்சம் பொறுங்கள், வைகைக்கரை சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஒரு எண் தெளியவில்லை என்றால் அந்தக் கையெழுத்தில் அதே எண் வேறு எங்கே சந்தேகமில்லாமல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உருளை 28-ஐப் பாருங்கள். அதிலிருக்கும் எட்டின் மேல் வளையம் மூடவே இல்லை. வலது பக்கம் திறந்தபடி ஒரு கொக்கி மாதிரி நிற்கிறது. இந்த மனிதர் அவசரத்தில் எட்டை அப்படித்தான் எழுதுகிறார். கோஸ் 16-இல் இருக்கும் ஆறில் மேல்கோடு நேராகச் சாய்ந்து இறங்குகிறது, கொக்கி இல்லை. இப்போது பீன்ஸுக்கு வந்தால், சரியாக அந்த மேல்பகுதியில்தான் படமெடுத்தவரின் கை நிழல் விழுந்திருக்கிறது. கொக்கி இருக்கிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எக்செல்_ராணி:
இதில் வேடிக்கை என்னவென்றால் இது பீன்ஸோடு நிற்காது. கேரட் இரட்டைக் கோடு. பீன்ஸ் 80 என்றால் கேரட்டும் 80. ஐந்தும் எட்டுமாகப் பதின்மூன்று கிலோவுக்கு 20 ரூபாய், 260 ரூபாய். பரவை 3617இலிருந்து 3877க்குப் போய்விடும். அப்போது மாட்டுத்தாவணி 165 குறைவு. ஷீட்டில் பரவைக்கு இரண்டு வரிசை வைத்துவிட்டேன், சந்தேகமான எண்ணுக்குக் குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று. இரண்டு கூட்டுத்தொகையும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்த எண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம். இங்கே ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். ஃபோன் பண்ணிக் கேட்பதைத் தவிர வழியில்லை.

வைகைக்கரை:
கேட்கும்போது 'பீன்ஸ் அறுபதுதானே?' என்று கேட்காதீர்கள். கடையில் இரைச்சலில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். 'பீன்ஸ் என்ன விலை?' என்று கேளுங்கள், அவர் வாயால் வரட்டும்.

சாம்பார்_வாளி:
இவ்வளவு பாடுபடுவதற்கு அவரையே தட்டெழுதி அனுப்பச் சொல்லலாமே.

மண்டிக்_கணக்கு:
சொல்லலாம், செய்யமாட்டார். ராத்திரி சரக்கு இறங்கும் நேரத்தில் ஒரு தாளில் கிறுக்கி, அதே படத்தை ஐம்பது பேருக்கு அனுப்புகிறார். படத்தைச் சரியாக எடுக்கச் சொல்வது நடக்கும். தாளை மேசையில் வைத்து நேர் மேலிருந்து, விளக்குக்கு முதுகைக் காட்டாமல், நாலு ஓரமும் தெரிய எடுக்கட்டும். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் எழுத்து உடையாது.

ஓரம் என்றதும் ஞாபகம் வருகிறது. பரவைச் சீட்டில் முருங்கை இல்லை என்றீர்களே, கடைசி வரிக்குக் கீழே தாள் தொடர்கிறது போலத் தெரிகிறது. மசித்தடம் பாதியில் அறுந்திருக்கிறது. சரக்கு இல்லையா, படத்தில் விழவில்லையா என்று அதையும் கேளுங்கள்.

இன்னொன்று, இரண்டு படமும் எப்போது வந்தவை?

அண்ணாநகர்_மெஸ்:
மாட்டுத்தாவணி காலை ஐந்துக்கு. பரவை முந்தின ராத்திரி ஒன்பதரைக்கு.

மண்டிக்_கணக்கு:
அப்படியென்றால் பரவையின் தக்காளி விலை பழையது. வெங்காயம், உருளை ஒரு ராத்திரியில் பெரிதாக நகராது. தக்காளி அப்படியில்லை. விடிய வரும் லோடு கூடினால் இறங்கும், மழையில் வண்டி நின்றால் ஏறும். காலையில் கேட்கிற விலையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அண்ணாநகர்_மெஸ்:
எல்லாருக்கும் நன்றி. காலையில் கூப்பிட்டேன். நாலாவது தடவை எடுத்தார்.

பீன்ஸ் அறுபது. கேரட்டும் அறுபது. பெட்டி 14 கிலோ, பெட்டி எடை போக. தக்காளி விலை காலையிலும் 375தான். கத்தரி நீங்கள் சொன்னபடியே இரண்டு ரகம். முருங்கை அவரிடம் இல்லை, கீழே இருந்தது பாகற்காயும் புடலையும்.

ஆக 3617, அதாவது 95 ரூபாய் குறைவு. முருங்கையை உழவர் சந்தையில் 70க்கு எடுத்தால் 280, மாட்டுத்தாவணியில் 240. இதுவரை யாரும் கேட்காத ஒன்று, வண்டி. மாட்டுத்தாவணியிலிருந்து லோடு ஆட்டோ 200 ரூபாய்க்கு வருகிறார். பரவை ஊருக்கு மறுகோடி, ஏற்றுக்கூலியோடு சேர்த்து 400 கேட்கிறார்கள். மாட்டுத்தாவணி 3712, முருங்கை 240, வண்டி 200, மொத்தம் 4152. பரவை 3617, முருங்கை 280, வண்டி 400, மொத்தம் 4297. பழைய கடையே 145 ரூபாய் குறைவு.

தெப்பக்குளத்தான்:
வண்டியை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நானும் 'நாளைக்கே மாறுங்கள்' என்று சொல்லியிருக்க மாட்டேன் :) ஆனால் முழுசாக மாறத் தேவையில்லையே. பரவையில் மலிவாக இருப்பதில் பல்லாரி, சின்ன வெங்காயம், உருளை மூன்றும் தாங்குகிற சரக்கு. அதை மட்டும் வாரம் ஒருமுறை அங்கே எடுங்கள்.

எக்செல்_ராணி:
போட்டுப் பார்த்தேன். வாரத்துக்குப் பல்லாரி 75 கிலோ, கிலோவுக்கு மூன்று ரூபாய், 225. சின்ன வெங்காயம் 18 கிலோவுக்கு 54. உருளை 45 கிலோவுக்கு 90. மொத்த மிச்சம் 369. தனி வண்டி 400. வாரம் ஒருமுறை போனால் 31 ரூபாய் நஷ்டம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் மிச்சம் 738, வண்டி போக 338 கையில் நிற்கும். பல்லாரியும் சரியாக மூன்று மூட்டை வருகிறது, மூட்டையைப் பிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

மண்டிக்_கணக்கு:
பல்லாரி இரண்டு வாரம் நிற்கும், காற்றோட்டமாகப் பரப்பி வைத்தால். சின்ன வெங்காயம் ஈரமாக வந்திருந்தால் நிற்காது. உருளையில் வெளிச்சம் பட்டால் பச்சை பூக்கும், 90 கிலோவை எங்கே மூடி வைப்பீர்கள்? 338 மிச்சத்தில் ஏழெட்டுக் கிலோ அழுகினால் பாதிக்கு மேல் போய்விடும். பதினைந்து நாளில் விலை இறங்கினாலும் நீங்கள் பழைய விலைச் சரக்கைத்தான் நறுக்கிக்கொண்டிருப்பீர்கள். ஏறினால் லாபம், அது வேறு.

தெப்பக்குளத்தான்:
உருளையை விட்டுவிட்டுப் பல்லாரி மட்டும் எடுத்தால்?

எக்செல்_ராணி:
450 மிச்சம், 400 வண்டி. ஐம்பது ரூபாய்.

மண்டிக்_கணக்கு:
அந்த ஐம்பதும் சாக்கைப் பொறுத்தது. 50 கிலோ மூட்டை என்பது சாக்கோடா, சாக்கு போகவா என்று இன்னும் கேட்கவில்லை. வலைச் சாக்கு என்றால் எடையே தெரியாது. சணல் சாக்கு என்றால் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ. மூன்று மூட்டைக்கு மூன்று கிலோ, 87 ரூபாய்.

பந்தி_பரிமாறு:
பரவை வழியாக ஊருக்குள் வரும் காலி வண்டி எதையாவது பிடியுங்கள். முகூர்த்த நாளில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். பாதி வாடகைக்கு வருவான்.

அண்ணாநகர்_மெஸ்:
வண்டி 200க்குக் கிடைத்தால் கதையே வேறாகிவிடும். விசாரிக்கிறேன். அதுவரை மாட்டுத்தாவணிதான். ஆனால் பரவைச் சீட்டை அவரிடம் காட்டிப் பல்லாரியில் ஒரு ரூபாயாவது குறைக்கச் சொல்லலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். காட்டினால் தப்பா?

வைகைக்கரை:
காட்டுங்கள். ஆனால் கேரட் வரி தெரியாமல் மடித்துக் காட்டுங்கள், அங்கே அவர்தான் மலிவு.

மண்டிக்_கணக்கு:
நான் காட்டமாட்டேன். அன்றைக்கு ஒரு ரூபாய் குறைப்பார், அடுத்த லோடில் உங்களுக்கு இரண்டாம் ரகக் கத்தரி வரும். வாயால் 'வெளியே 29 போகிறதாமே' என்று கேளுங்கள், போதும்.